கண்ணாடியில் ரெண்டு வெள்ளை வளையம்: லைட்டை எங்க வைக்கணும்?

எங்க ஊர் அமிர்தி, வேலூரிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போற வழி. போன செமஸ்டர் லீவில் வீட்டிலிருந்தே ஒரு ஆன்லைன் இன்டர்வியூ வந்துச்சு. முந்தின நாள் ஃப்ரெண்டை வீடியோ காலில் கூப்பிட்டு ட்ரையல் பார்த்தேன். அவன் சொன்ன முதல் வார்த்தை: "மச்சி, உன் கண்ணே தெரியல. ரெண்டு வெள்ளை வளையம்தான் தெரியுது." புதுசா வாங்கின 10 இன்ச் ரிங் லைட்டோட வேலை அது. பிரைட்னஸைக் குறைச்சேன். வளையம் மங்கிச்சு, கூடவே முகமும் மங்கிடுச்சு.

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் லெதர் செக்கிங் பண்ற மாமா அன்னிக்கு வீட்டில் இருந்தார். "லெதர்ல பளபளப்பு கண்ணை அடிச்சா நாங்க லைட்டைக் குறைக்க மாட்டோம்டா, தோலைச் சாய்ப்போம்"னு சொன்னார். பத்தாம் வகுப்பில் படிச்ச பிரதிபலிப்பு விதி அப்போதான் ஞாபகம் வந்துச்சு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். அதாவது, லைட்டுக்கும் கேமராவுக்கும் நட்டநடுவில் இருக்கிற திசையைக் கண்ணாடியோட ஏதாவது ஒரு புள்ளி நேராகப் பார்த்தால், அந்தப் புள்ளியில் லைட் தெரியும். அப்படி ஒரு புள்ளியே இல்லாமல் பண்ணிட்டால் வளையம் காணாமல் போகும்.

என் மேஜையில் ஸ்கேல் வைச்சு அளந்தேன். முகத்துக்கும் லேப்டாப் கேமராவுக்கும் 60 செ.மீ. கேமரா கண்ணை விட 15 செ.மீ. கீழே, அதாவது சுமார் 14 டிகிரி கீழே. ரிங் லைட் லேப்டாப்புக்குப் பின்னாடி, முகத்திலிருந்து 75 செ.மீ. தள்ளி, கண் மட்டத்தில். நடுத் திசை 7 டிகிரி கீழே வருது. இப்போ கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்க. ஃப்ரேம் நேராக நிற்காது, அடிப்பக்கம் கன்னத்தை ஒட்டி உள்ளே சாய்ஞ்சிருக்கும். அதனால் லென்ஸோட நடு பெரும்பாலும் 8 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கிப் பார்க்கும். 7-ம் 8-ம் கிட்டத்தட்ட ஒண்ணு. கருவிழிக்கு நேராகவே வளையம் உட்கார்ந்ததுக்கு இதுதான் காரணம்.

முதல் வேலை, புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பைத் தூக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். அடுத்தது லைட். லென்ஸ் வளைஞ்சிருக்கிறதால் அதோட மேல் விளிம்பு நடுவை விட 11 டிகிரி கூடுதலாக மேலே பார்க்கும். சாய்வைக் கழிச்சால் மிஞ்சுறது 3 டிகிரி. பேசும்போது தலையை 10 டிகிரி நிமிர்த்துவோம்னு வைச்சால் 13. லைட் அதுக்கு இரண்டு மடங்கு, 26 டிகிரிக்கு மேலே இருக்கணும். 75 செ.மீ. தூரத்தில் அது 37 செ.மீ. உயரம். இந்த உயரம் வளையத்தோட அடி விளிம்புக்கு. மையம் கண்ணை விட 50 செ.மீ. மேலே வரணும். ஸ்டாண்டை அவ்வளவு ஏத்தி, லைட்டை முகத்தைப் பார்த்துக் கீழே சாய்ச்சதும் வளையம் போயிடுச்சு.

பக்கவாட்டில் நகர்த்தினால் போதாதா? போதும், ஆனால் லென்ஸ் உயரத்தை விட அகலம் அதிகம், ஃப்ரேம் சாய்வோட உதவியும் அங்க கிடையாது. தலை திரும்புறதையும் சேர்த்தால் 50 டிகிரி வரை தள்ளணும். அப்போ பாதி முகம் இருட்டாகிடும். அதனால் மேலே ஏத்துறதுதான் நல்லது. ரொம்ப ஏத்தினாலும் சிக்கல். ஃப்ரேமோட நிழல் கண்ணுக்குக் கீழே விழும். விழுந்தால் மேஜையில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை விரிங்க, கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் ஏறி நிழலைக் கரைக்கும்.

என் அளவு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஃப்ரேம் சாய்வும் லென்ஸ் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். கேமராவை ஆன் பண்ணி, நிமிர்ந்து உட்கார்ந்து, லைட்டை மெதுவாக ஏத்துங்க. வளையம் லென்ஸ் மேலேயே ஏறி, மேல் விளிம்பில் மறையும். அதுக்கப்புறம் தலையை நிமிர்த்தி, குனிஞ்சு, திருப்பிப் பாருங்க. திரும்ப எட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஏத்தணும். வளையம் போயும் வேற வெள்ளைப் புள்ளி இருந்தால், அது ஜன்னலோ டியூப் லைட்டோ. ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தால் எதுன்னு தெரிஞ்சிடும்.

இந்த வழியில் போகாத பிரதிபலிப்பு ஒண்ணு இருக்கு, லேப்டாப் திரை. அது கேமராவுக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறதால் லென்ஸில் எப்பவும் விழும். கோட்டிங் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கோட்டிங் போட்டால் நல்லாவே குறையும். ஆனால் முழுசாகப் போகாது. மிச்சிகன், ஜெஜியாங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 720பி வெப்கேமில் தெரிஞ்ச கண்ணாடிப் பிரதிபலிப்பை வைச்சே, திரையில் 10 மி.மீ. உயரம் இருந்த எழுத்துகளை 75 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடிச்சாங்க. இதுக்கு மட்டும் பிரைட்னஸைக் குறைக்கிறதுதான் வழி, கூடவே டார்க் மோட். முகத்துக்கான வெளிச்சம் மேலேயிருந்து வந்துட்டால் திரையைக் குறைச்சாலும் முகம் மங்காது.

இன்டர்வியூவில் என் கண்ணாடியைப் பத்தி யாரும் எதுவும் கேட்கல. கேட்ட முதல் கேள்வி ப்ராஜெக்ட் பத்தி.