பத்து டீ குடிச்சா ஒண்ணு ஃப்ரீ: கணக்கு எங்க இடிக்குது?

என் நண்பனோட மாமா கோயம்புத்தூர்ல ஆறு பேக்கரி வெச்சிருக்கார். (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர்ல டீக்கடையைத்தான் பேக்கரின்னு சொல்லுவோம்.) "பத்து டீக்கு ஒரு டீ ஃப்ரீ, அதுக்கு ஒரு ஆப் பண்ணித் தாங்கப்பா"ன்னு கேட்டார். நாங்களும் உடனே லேப்டாப்பைத் திறந்துட்டோம். நல்லவேளையா, அதுக்கு முன்னாடி ஒரு டீயோட செலவைக் கேட்டோம்.

ஒரு டீ 15 ரூபாய். பால் 5, டீத்தூள் 1, சர்க்கரையும் கேஸும் பேப்பர் கப்பும் சேர்த்து 2. ஆக, ஒரு டீ போட 8 ரூபாய் போகுது. மீதி 7 ரூபாய். இதுலதான் வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம். அதையெல்லாம் ஒரு டீக்குப் பிரிச்சா 5 ரூபாய் வருது. கடைசியில் மாமா கையில் நிற்பது 2 ரூபாய்.

இப்போ கார்டுக்கு வருவோம். பக்கத்து ஆபீஸ்காரர் ஒருத்தர் எப்படியும் 11 டீ குடிப்பவர். கார்டு இல்லைன்னா அவரால் கிடைக்கும் லாபம் 22 ரூபாய். கார்டு இருந்தா பதினோராவது டீயின் 15 ரூபாய் வராது, ஆனா அந்த டீயைப் போடும் செலவு அப்படியே இருக்கும். லாபம் 7 ரூபாய் ஆயிடும். பார்க்க ஒன்பது சதவீதத் தள்ளுபடி மாதிரி இருக்கு, லாபத்தில் மூணில் ரெண்டு பங்கு காலி. கார்டை முதல்ல நிரப்புவதும் இவரைப் போல தினமும் வர்றவங்கதான்.

அப்போ கார்டு யாரால் லாபம்? அதே நாட்களுக்குள் 8 டீ மட்டும் குடிச்சிருக்க வேண்டிய ஆள், கார்டுக்காக 10 டீ காசு கொடுத்துக் குடிச்சா லாபம். முன்னாடி அவரிடம் 7 ரூபாய் வீதம் 56 கிடைச்சிருக்கும். இப்போ பத்து டீக்கு 70, ஃப்ரீ டீயின் செலவு 8 போக 62. ஆனா 9 டீ குடிச்சிருக்க வேண்டிய ஆளா இருந்தா 63 கிடைச்சிருக்கும். அவர்கிட்டயே ஒரு ரூபாய் நஷ்டம். வாடகையும் சம்பளமும் எப்படியும் ஒண்ணுதான், அதனால இதில் சேர்க்கலை.

இதை வெச்சு ரெண்டே ரெண்டு விஷயத்தை மாத்தினோம். முதலாவது பரிசு. ஃப்ரீ டீக்குப் பதிலா, பத்து முத்திரை ஆனதும் அடுத்த டீயோட ஒரு தேங்காய் பன். கஸ்டமர் கண்ணுக்கு அதுவும் 15 ரூபாய்ப் பொருள்தான். சொந்த அடுப்பில் சுடுவதால் கடைக்கு ஆகும் செலவு 6. டீ மட்டும் குடிக்கிறவர்கிட்ட டீயையே ஃப்ரீயா கொடுத்தா, அவர் கொடுக்க இருந்த காசைத்தான் திருப்பித் தர்றோம். பன் அவர் வாங்காத பொருள், அதனால செலவு அந்த 6 ரூபாயோட நிக்குது. தினமும் டீயும் பன்னும் சாப்பிடுறவர்கிட்ட இந்தக் கணக்கு செல்லாது, அங்க 15 ரூபாய் போகத்தான் செய்யும். அப்படிப்பட்டவங்க குறைவுன்னு பில்லைப் பார்த்துட்டுத்தான் பன்னைத் தேர்ந்தெடுத்தோம்.

ரெண்டாவது நேரம். காலை 11 முதல் மதியம் 3:30 வரை குடிக்கிற டீக்கு மட்டும் முத்திரை. காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் கூட்டம் தானா வருது. அதுக்கு எதுக்குப் பரிசு? மதியம்தான் மாஸ்டர் போனைப் பார்த்துட்டு நிக்கிறார், சம்பளம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. ஆப் வேண்டாம்னு முடிவாச்சு (எங்களுக்கு வருத்தம்தான்). அட்டையும் ரப்பர் ஸ்டாம்பும் போதும்.

ஆறு கடையில் மூணில் மட்டும் கார்டு கொடுத்தோம். மற்ற மூணும் ஒப்பிட. எத்தனை கார்டு நிரம்பிச்சுன்னு எண்ணி சந்தோஷப்படக் கூடாது, அது வழக்கமா வர்றவங்களோட எண்ணிக்கையா இருக்கலாம். 2006-ல் வெளியான கிவெட்ஸ், உர்மின்ஸ்கி, ஜெங் ஆய்வு காபி கார்டை வெச்சே நடந்தது. பரிசு நெருங்க நெருங்க ஆட்கள் சீக்கிரம் சீக்கிரமா வந்தாங்க. பரிசு வாங்கி புது கார்டு தொடங்கினதும் வேகம் பழையபடி குறைஞ்சது. அதனால ஒரு சுற்றை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். ரெண்டு சுற்றாவது போகணும்.

நாங்க பார்ப்பது கடைக்கு ஒரு நாளில் காசு கொடுத்துக் குடிச்ச மொத்த டீ, அதுவும் மணிவாரியா. ரெண்டு கடையில் மதியம் கூடியது, மற்ற நேரம் மாறலை. மூணாவது கடையில் மூணு மணி டீ நல்லா ஏறுச்சு, மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனா அஞ்சு மணி டீ கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரங்க பிரேக்கை முன்னாடி தள்ளிக்கிட்டாங்க, அவ்வளவுதான். அந்தக் கடையில் மட்டும் முத்திரையை இப்போ ரெண்டு மணியோட நிறுத்திட்டோம்.