ஆன்லைன்ல வந்தது டூப்ளிகேட்டா? ரிட்டர்ன் பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேள்

போன மாசம் என் சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அக்கா, 1,499 ரூபாய்க்கு நல்ல கம்பெனி சார்ஜர்னு ஆன்லைன்ல வாங்கினேன். கை வைக்க முடியாம சூடாகுது, போன்லயும் சார்ஜ் ஏறலை. டூப்ளிகேட்தான்னு தோணுது."

"டப்பா இருக்கா?"ன்னு கேட்டேன். குப்பை வண்டியில போட்டாச்சாம். "ரிட்டர்ன் கேக்கும்போது என்ன காரணம் போட்டே?" "'பிடிக்கலை'ன்னு போட்டேன்க்கா. ஏழு நாள் கெடு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, எடுக்க மாட்டோம்னுட்டாங்க."

திட்டணும்னுதான் வாய் வந்தது. ஆனா நூத்துல தொண்ணூறு பேர் இதையேதான் பண்றீங்க. அதனால அவளுக்குச் சொன்னதை உனக்கும் வரிசையாச் சொல்றேன். வேலைக்கு நடுவுல படிக்கிறவளா இருந்தா முதல் மூணையாவது இன்னிக்கே பண்ணிடு.

1. பிளக்கைப் பிடுங்கு, போட்டோ எடு

சந்தேகம் வந்த சார்ஜரை "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்"னு செருகாதே. டூப்ளிகேட் சார்ஜர்ல உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு பாகங்களை மிச்சம் பிடிச்சிருப்பான். போனும் போகும், ஷாக்கும் அடிக்கும். அதைப் பிரிச்சும் பார்க்காதே. பிரிச்சா "நீங்களே கெடுத்துட்டீங்க"ன்னு சொல்ல அவங்களுக்கு வழி கிடைச்சிடும்.

பகல் வெளிச்சத்துல இந்த நாலையும் படம் எடு: பார்சல் மேல ஒட்டின முகவரி லேபிள், டப்பாவோட எல்லாப் பக்கமும், சார்ஜர்ல அச்சடிச்ச பொடி எழுத்து, சீரியல் நம்பர். அப்புறம் ஆர்டர் பக்கத்தையும், அந்தப் பொருளோட விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடு. விற்பனைப் பக்கம் நாளைக்கே காணாமப் போகலாம், செல்லர் பேரை மாத்திக்கலாம். பில்லை இன்னிக்கே டவுன்லோடு பண்ணி வை.

2. உன்கிட்ட வித்தது யாருன்னு பாரு

இங்கதான் நிறைய பேர் ஏமாறீங்க. பெரிய தளத்துல வாங்கினா அந்தத் தளமே வித்ததுன்னு நினைச்சுக்கறீங்க. விலைக்குக் கீழே "Sold by"ன்னு சின்னதா இருக்கிற பேர்தான் வித்தவன். "Fulfilled by"ன்னு தளத்தோட பேர் இருந்தா, அவங்க கிடங்குல இருந்து அனுப்பினாங்கன்னு மட்டும்தான் அர்த்தம். பொருள் அசல்னு அது உத்தரவாதம் இல்லை.

இன்னொண்ணு. ஒரே பொருளோட பக்கத்துல பத்து செல்லர் இருப்பாங்க. அந்த நாலரை ஸ்டாரும் ஆயிரக்கணக்கான பாராட்டும் பொருளுக்குக் கிடைச்சது, உனக்கு வித்தவனுக்கு இல்லை. செல்லர் பேரைத் தொட்டா அவனோட தனி ரேட்டிங், முகவரி, தொடர்பு விவரம் வரும். 2020 மின்வணிக விதிகள்படி இந்த விவரங்களைத் தளம் காட்டியே ஆகணும். அதையும் படம் எடுத்து வை, பின்னாடி புகார்ல எழுத வேணும்.

3. டூப்ளிகேட்னு நீ சொன்னா போதாது, கம்பெனியைச் சொல்ல வை

"எழுத்து மங்கலா இருக்கு, எடை குறைவா இருக்கு"ன்னு நீ எழுதினா, அது உன் அபிப்பிராயம். கம்பெனி எழுதினா அதுதான் ஆதாரம். ரெண்டு வேலை செய்.

மொதல்ல, சார்ஜர் மேல ISI மாதிரியான ஒரு முத்திரையும் பக்கத்துல R-ன்னு ஆரம்பிச்சு எட்டு இலக்க எண்ணும் இருக்கணும். சார்ஜருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம். அவங்களோட "BIS Care" ஆப்ல அந்த எண்ணைப் போட்டா, எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த பிராண்டுக்குக் கொடுத்ததுன்னு வரும். எண்ணே இல்லைன்னாலும், வேற பொருளைக் காட்டினாலும், சந்தேகம் பலமாச்சு. ஆனா ஒண்ணு, எண் சரியா வந்துடுச்சுன்னா அசல்னு நிம்மதியாகிடாதே. அசல் சார்ஜர்ல இருக்கிற எண்ணை அப்படியே பார்த்து அடிக்கிறவன்தான் டூப்ளிகேட் பண்றவன். அதனால ஆப் காட்டற தயாரிப்பாளர் பேரும் முகவரியும் உன் சார்ஜர் மேல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாரு.

ரெண்டாவது, பிராண்டோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் அங்க இருக்கிற ஈமெயில் முகவரிக்கு படங்கள், சீரியல் நம்பர், செல்லர் பேர் எல்லாம் அனுப்பு. ரெண்டே கேள்வி கேளு: "இது உங்கள் தயாரிப்பா? இந்த செல்லர் உங்கள் அங்கீகாரம் பெற்றவரா? எழுத்தில் பதில் தரவும்." போன்ல கேட்டு "ஆமாக்கா, டூப்ளிகேட்தான்னு சொன்னாங்க"ன்னு வந்து நிக்காதே. அதை எங்கேயும் காட்ட முடியாது.

கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி, மேல வர்ற முதல் நம்பருக்கு அடிக்கிற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடு. ரீஃபண்ட் தர்றோம்னு ஓ.டி.பி. கேட்டாலோ, ஒரு ஆப் ஏத்தச் சொன்னாலோ அவன் திருடன். பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடி.

4. காரணத்தைச் சரியாப் போடு

"பிடிக்கலை", "இனி தேவையில்லை"ன்னு போட்டா அது உன் மனசு மாறின கதை. அதுக்குத்தான் ஏழு நாள், பத்து நாள் கெடு. பட்டியல்ல "போலி" அல்லது "அசல் இல்லை"ங்கிற மாதிரி காரணம் இருந்தா அதையே எடு. இல்லைன்னா "சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு"ங்கறதைப் போட்டு, கீழே விளக்கம் எழுது.

சாட்ல புலம்பறதோட நிறுத்தாதே. தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரி பேரும் தொடர்பும் அவங்க பக்கத்தோட அடியில இருக்கும். அவருக்கு எழுது. என் தங்கச்சிக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"ஆர்டர் எண் ___. ___ தேதியில் ___ என்ற செல்லரிடம் ரூ.1,499-க்கு சார்ஜர் வாங்கினேன். இதன் சீரியல் எண் தங்கள் பதிவில் இல்லை என்று பிராண்டு நிறுவனம் ___ தேதியில் எழுத்தில் தெரிவித்துள்ளது, ஈமெயில் இணைப்பில். எனவே இது போலி. முழுத் தொகையையும் திருப்பித் தரவும். செல்லரின் முழு முகவரியையும் தரவும். புகார் எண் தரவும்."

கோபம், சாபம், "உங்க கடைக்கே வரமாட்டேன்" எதுவும் வேண்டாம். தேதி, எண், தொகை, கேட்கிறது என்ன, அவ்வளவே. அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். விதி அது. நாட்காட்டியில ரெண்டு தேதியையும் வட்டம் போட்டு வை.

5. "கெடு முடிஞ்சிடுச்சு"ன்னா அடங்கிடாதே

அதே மின்வணிக விதிகள்ல செல்லருக்கு ஒரு தடை இருக்கு: பொருள் போலியா இருந்தா, குறையுள்ளதா இருந்தா, விளம்பரத்துல சொன்னபடி இல்லைன்னா, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. கடைக்காரன் வச்ச ஏழு நாள் கெடு இந்தத் தடையை மீற முடியாது. இதை மரியாதையா ஒரு வரியில எழுது.

"நாங்க வெறும் மேடைதான், செல்லர்கிட்ட பேசுங்க"ன்னு அடுத்து வரும். 2022-ல ISI முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களைத் தங்கள் தளத்துல விற்க விட்டதுக்காக, பெரிய தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சொல்லியிருக்கு. அது போலி கேஸ் இல்லைதான். ஆனாலும் மேடைக்கும் பொறுப்பு உண்டுன்னு காட்ட அது ஒண்ணு போதும்.

6. பொருளை லேசில கொடுத்துடாதே

ரீஃபண்டுன்னு எழுத்துல வராம சார்ஜரைக் கையை விட்டு அனுப்பாதே. போனதும் உன் ஆதாரமும் போச்சு. கேஸ்னு போனா, சோதிச்சாத்தான் தெரியும்ங்கிற குறையை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும், அப்போ பொருள் உன்கிட்ட இருக்கணும். ரீஃபண்டுக்கு ஒத்துக்கிட்டு எடுக்க ஆள் வந்தா, சீரியல் நம்பர் தெரிய சின்ன வீடியோ எடுத்துட்டுக் கொடு. எடுத்ததுக்கான மெசேஜைப் பத்திரமா வை. டப்பா இல்லைன்னு வந்த பையன் வாங்க மறுத்தா அவன்கிட்ட சண்டை போடாதே, அவனுக்கு மேலேருந்து சொன்னது அவ்வளவுதான். அதையும் புகார்ல சேர்த்து எழுது.

கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா, பேங்க்ல டிஸ்பியூட் போடவும் வழி உண்டு. அதுக்குக் கெடு இருக்கு, அதனால தளத்தோட பதிலுக்காக மாசக் கணக்கா உட்காராதே.

7. ஒரு மாசமும் ஓடிட்டா

1915-க்கு அடி. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அவங்க நடுவுல நின்னு கம்பெனிகிட்ட பேசுவாங்க. ஆனா உத்தரவு போட அதிகாரம் கிடையாது. அங்கேயும் தீரலைன்னா e-jagriti.gov.in-ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடு. பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. செல்லர் எந்த ஊர்ல இருந்தாலும் உன் ஊர் ஆணையத்துலயே போடலாம். பிரச்னை வந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். செல்லரை முதல் எதிர்தரப்பா, தளத்தை ரெண்டாவதா சேரு. செல்லரை மட்டும் சேர்த்தா, அந்த முகவரியில ஆளே இல்லைன்னு நோட்டீஸ் திரும்பி வரும், நீ அப்படியே நிப்பே. 1,499-க்கு இவ்வளவு நடையான்னு கேட்டா, அது உன் முடிவு. நாலஞ்சாயிரத்துக்கு மேலன்னா நான் விடமாட்டேன்.

என் சித்தி பொண்ணு விஷயம் அவ்வளவு தூரம் போகலை. பிராண்டுக்காரங்க நாலாவது நாள் பதில் போட்டாங்க: "இந்த சீரியல் எண் எங்கள் பதிவில் இல்லை." அந்த ஈமெயிலோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். டப்பா இல்லைன்னு ஒரு தடவை மறுத்தாங்க. போலின்னா டப்பா கேட்க விதி எதுன்னு திருப்பிக் கேட்டோம். ஒன்பதாவது நாள் முழுப் பணமும் வந்தது. அந்த டப்பா இருந்திருந்தா நாலஞ்சு நாள் மிச்சம்.

பணம் வந்ததும் "அப்பாடா"ன்னு விட்டுடாதே. அந்தப் பொருளோட பக்கத்துலயே புகார் சொல்ற லிங்க் இருக்கும், அதுல செல்லர் பேரோட போடு. பிராண்டுக்கும் ஆர்டர் எண்ணை அனுப்பு. தங்களோட வர்த்தகச் சின்னத்தை ஒருத்தன் திருடறான்னு பிராண்டு எழுதினா, அந்த விற்பனைப் பக்கம் நம்ம புகாரைவிட வேகமா இறங்கும். ரிவ்யூ எழுதினா நடந்ததை மட்டும் எழுது: என்ன வந்தது, பிராண்டு என்ன சொன்னது, எப்போ பணம் வந்ததுன்னு. அந்த சார்ஜரைத் திருப்பிக் கேட்காம விட்டுட்டாங்கன்னா வேற யாருக்கும் கொடுத்துடாதே. வேலைக்கு வர்ற அக்காவோட பையனுக்கும் வேண்டாம். ஒயரை வெட்டிட்டு மின்கழிவு எடுக்கிற இடத்துல போடு.