சந்தைப் பங்கு: எண்ணிக்கையும் மதிப்பும்

1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை நம் எண்ணூரில் இருப்பதை அனைவரும் அறிவோம். கனரக லாரி விற்பனையில் அதன் பெரும் போட்டியாளர் டாடா மோட்டார்ஸ். சந்தையியல் தாளில் வரும் பங்குக் கணக்கை விளக்க இந்த லாரிச் சந்தையே ஏற்றது என்பது என் எண்ணம். கீழ்வரும் எண்கள் மட்டும் தேர்வுக்கென நான் அமைத்தவை. அவை எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல.

ஓராண்டில் அ நிறுவனம் 300 லாரிகளைத் தலா 30 லட்சத்துக்கும், ஆ நிறுவனம் 500 லாரிகளைத் தலா 28 லட்சத்துக்கும், இ நிறுவனம் 200 லாரிகளைத் தலா 25 லட்சத்துக்கும் விற்றன என்று கொள்வோம். மொத்தம் 1000 லாரிகள். வருவாய் முறையே 90, 140, 50 கோடி. ஆக 280 கோடி ரூபாய்.

அ நிறுவனத்தின் எண்ணிக்கைவழிப் பங்கு 300 ÷ 1000, அதாவது 30 சதவீதம். மதிப்புவழிப் பங்கு 90 ÷ 280, அதாவது 32.14 சதவீதம். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? சந்தையின் சராசரி விலை 28 லட்சம்; அ நிறுவனத்தின் விலை 30 லட்சம். 30ஐ 28ஆல் வகுத்தால் 1.071. 32.14ஐ 30ஆல் வகுத்தாலும் அதே 1.071. விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டும் ஒத்துவரவில்லையெனில், எங்கோ கூட்டலில் பிழை இருக்கிறது.

அடுத்தது ஒப்புப் பங்கு. நம் பங்கை மிகப் பெரிய போட்டியாளரின் பங்கால் வகுக்க வேண்டும். மொத்தச் சந்தையால் அன்று. எண்ணிக்கைவழியில் 30 ÷ 50 = 0.60; மதிப்புவழியில் 90 ÷ 140 = 0.64. மொத்தம் இரு பக்கமும் அடிபட்டுப்போவதால், பங்கு காணாமல் விற்பனையை நேரே வகுத்தாலும் போதும். ஆ நிறுவனத்துக்குக் கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். முதலிடத்தில் இருப்பவருக்குப் பெரிய போட்டியாளர் இரண்டாம் இடத்தவரே. எனவே 500 ÷ 300 = 1.67. ஒன்றைத் தாண்டும் விடை முதலிடத்தவருக்கு மட்டுமே வரும். வேறு எவருக்கேனும் வந்தால் வகுத்தியைத் தவறாக எடுத்திருக்கிறோம்.

இனி, சந்தை எது என்பது. 2005இல் டாடா ஏஸ் வந்தபின் சிறு சரக்கு வண்டிகள் பெருகின. நம் கணக்கில் தலா 6 லட்சத்தில் 1000 சிறு வண்டிகளைச் சேர்ப்போம். ஆ 600, இ 400 விற்றன, அ விற்கவில்லை. அ நிறுவனத்தின் எண்ணிக்கைவழிப் பங்கு 300 ÷ 2000, அதாவது 15 சதவீதம், பாதியாகிவிட்டது! மதிப்புவழியிலோ 90 ÷ 340, அதாவது 26.47 சதவீதம், அவ்வளவாகக் குறையவில்லை. ஒப்புப் பங்கும் எண்ணிக்கைவழியில் 300 ÷ 1100 = 0.27, மதிப்புவழியில் 90 ÷ 176 = 0.51 என்றாகிறது. அந்த ஆலையில் ஒரு லாரிகூடக் குறையவில்லை. ஆகவே வினாவில் "வர்த்தக வாகனங்கள்" என்றிருக்கிறதா, "கனரக லாரிகள்" என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே மொத்தத்தைக் கூட்டத் தொடங்குங்கள்.