ஐஸும் இருமலும்: மொழிபெயர்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் நாமக்கல் பக்கத்திலிருந்து போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா போகிறவர்கள் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய அளவு சுவாஹிலியோடு திரும்பி வருவார்கள். நீ புதுச்சத்திரத்துக்கு ஒரு நோட்டு நிறையக் காதல் மொழி கொண்டுவந்திருக்கிறாய். அதில் பாதி, அங்கே பெண்கள் உடுத்தும் கங்கா துணியின் கரையோரம் அச்சிட்டிருந்த வாசகங்கள் என்று எழுதியிருந்தாய். உன் தமிழாக்கத்தில் மூன்று இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'பென்ஸி நி கிகொஹொஸி, ஹலிவெஸி குஃபிச்சிகா.' காதல் ஓர் இருமல், அதை மறைக்க முடியாது. நீ இதற்கு முழுப் பூசணிக்காயையும் சோற்றையும் கொண்டுவந்துவிட்டாய். பூசணிக்காயை மறைப்பவன் தெரிந்தே புளுகுகிறான், ஊர் அவனை ஏசுகிறது. இருமுகிறவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டாலும் உடம்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நமக்கும் இருமல் உண்டு, அதை எதற்கு மாற்ற வேண்டும்? 'காதலையும் இருமலையும் ஒளிக்க முடியாது' என்று எழுது, போதும். கங்காவில் ஒரே வரிக்குத்தான் இடம். தமிழிலும் அது ஒரு வரியாகவே நிற்கட்டும்.

அடுத்தது 'அகிபெண்டா, சொங்கோ ஹுயிதா கெங்கெஸா'. பிடித்துப்போனால் ஒற்றைக்கண்ணை மாறுகண் என்று சொல்லிவிடுவார்களாம். 'காதலுக்குக் கண்ணில்லை' என்று நீ எழுதியது வேறு பொருள். இங்கே காதலிப்பவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. குறைக்குத்தான் பெயரைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார். இன்னொன்று, சுவாஹிலி வினையில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. 'அவன்' என்று எழுதினால் பழமொழி பாதிப் பேருக்கு உரியதாகிவிடும். 'மனசுக்குப் பிடித்தால் ஒற்றைக்கண்ணும் மாறுகண்ணாம்' என்றால் அந்தச் சிக்கலே வராது.

கொஞ்சுமொழிகளில் நீ அதிகம் தடுமாறியது 'பராஃபு வா மொயோ'வில். நெஞ்சின் பனிக்கட்டி. ஆங்கில வழியாக யோசித்து 'உறைந்த இதயமே' என்று எழுதியிருக்கிறாய். அது அன்பில்லாதவரைத் திட்டுவது. சான்சிபார் வெயிலில் ஐஸ் என்றால் ஆறுதல். சித்திரை மாதம் ராசிபுரம் ரோட்டில் நடந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா? 'நெஞ்சு குளிர்ந்தது' என்று நாமே சொல்கிறோம். ஆனால் 'ஐஸ்' என்ற சொல்லை அப்படியே வைக்காதே. ஐஸ் வைக்கிறான் என்று வாசகர் சிரித்துவிடுவார். பொருளாக மட்டும் இருந்தால் பராஃபுவுக்குப் பின் 'யா' வரும். ஆளைக் குறிப்பதால்தான் 'வா' வருகிறது. அந்த வேலையை நம் விளி வேற்றுமை செய்துவிடும்: 'என் நெஞ்சுக் குளிர்ச்சியே'. பனிக்கட்டி போய்விடுகிறது, உண்மைதான். குளிர் போகவில்லை, எனக்கு அது போதும்.

மற்றவற்றையும் இப்படி ஒருமுறை பார்த்துத் திருத்தி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் மேலே சுவாஹிலி வரியைத் தமிழ் எழுத்தில் கொடு. அடிக்குறிப்பு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்