தொலைந்த கைபேசி: முதலில் அழிப்பு, பிறகே நீக்கம்

ஓர் ஆசிரியரின் கைபேசியில் அவருடைய சொந்தத் தகவல்கள் மட்டும் இருப்பதில்லை. வருகைப்பதிவு செய்யும் டி.என்.எஸ்.இ.டி. செயலி, வகுப்பு வாட்ஸ்அப் குழு, பெற்றோரின் எண்கள், உதவித்தொகைக்காகப் படமெடுத்த மாணவர்களின் ஆதார், வங்கிப் புத்தகப் பக்கங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது தொலைந்தால் இழப்பு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். தொலைவிலிருந்தே கைபேசியை அழிக்கவும், கணக்கின் நம்பகமான சாதனங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கவும் வசதி உண்டு. இவ்விரண்டையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரத்தநாடு ஒன்றியத்தில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் மாலையில் பேருந்தில் தஞ்சாவூர் வருகிறார். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் பையில் கைபேசி இல்லை. அது ஆண்ட்ராய்டு கைபேசி. உடன் வந்த ஆசிரியரின் கைபேசி கையில் இருக்கிறது.

பட்டியலிலிருந்து நீக்கினால் என்ன ஆகும்?

பதற்றத்தில் பலரும் முதலில் செய்ய நினைப்பது, கூகுள் கணக்கைத் திறந்து அந்தக் கைபேசியை வெளியேற்றிவிடுவது. இது மின்னஞ்சலைக் காக்கும். ஆனால் கைபேசிக்குள் ஏற்கெனவே சேமித்த படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அதோடு, அழிக்கும் கட்டளை கைபேசியைச் சென்றடைவது அந்தக் கணக்கின் வழியாகத்தான். கணக்கை வெளியேற்றியபின் அந்தக் கைபேசியைத் தேடவும் முடியாது, அழிக்கவும் முடியாது. எனவே நீக்கம் கடைசி வேலை.

செய்ய வேண்டிய வரிசை

நண்பரின் கைபேசியில், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் google.com/android/find என்ற பக்கத்தைத் திறந்து, நம் கணக்கில் நுழைய வேண்டும். தொலைந்த கைபேசியின் பெயரும், அது இருக்குமிடமும், கடைசியாகத் தொடர்பில் இருந்த நேரமும் தெரியும். அங்கேயே சாதன விவரத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்கும். அந்த 15 இலக்க எண்ணை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் காவல் நிலையத்தில் கேட்பார்கள்.

இடக்குறி சாலையில் நகர்ந்துகொண்டிருந்தால் கைபேசி பேருந்து இருக்கையிலேயே கிடக்கலாம். அப்போது அந்தப் பக்கத்திலிருந்தே கைபேசியைப் பூட்டி, திரையில் நண்பரின் எண்ணைக் காட்டச் செய்யலாம். நடத்துநர் எடுத்துவைத்திருந்தால் அழைப்பார். யாரும் அழைக்கவில்லை, இடக்குறியும் நமக்குத் தொடர்பில்லாத ஒரு தெருவுக்குப் போய்விட்டது என்றால் Factory reset என்பதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட வேண்டும். அழித்தபின் கைபேசி இருக்குமிடத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் பூட்டுவது முதலிலும் அழிப்பது அடுத்தும் வருகின்றன.

அடுத்தது சிம். தொலைந்த கைபேசிக்கு இணையம் வருவது பெரும்பாலும் அந்த சிம் வழியாகத்தான். முதலிலேயே சிம்மை முடக்கினால் அழிக்கும் கட்டளை போய்ச் சேராது. மறுபுறம், சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டால் வங்கியின் ஓ.டி.பி. எடுத்தவர் கைக்குப் போகும். எனவே அழிக்கும் முயற்சிக்குப் பத்து நிமிடம் போதும். அதற்குள் கணக்கில் நுழைய முடியாவிட்டால் காத்திருக்காமல் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குவதே சரி. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

கட்டளை சேர்ந்ததா?

கடைசித் தொடர்பு "இப்போதுதான்" என்று காட்டினால் கட்டளை உடனே சேரும். ஒரு மணி நேரத்துக்கு முன் என்று காட்டினால் கைபேசி அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது சிம் கழற்றப்பட்டிருக்கலாம். அப்போது கட்டளை காத்திருந்து, கைபேசி மீண்டும் இணையத்தைத் தொடும்போது செயல்படும். அதுவரை உள்ளிருப்பவற்றுக்குத் திரைப்பூட்டு ஒன்றே காவல். தனியாகப் போட்ட மெமரி கார்டு அழியாமல் போகலாம். அதைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டால் படங்கள் தெரியும். மாணவர் ஆவணங்களைக் கார்டில் சேமிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது நீக்கம்

அழிப்பு முடிந்ததும், அல்லது இனி அது சேரும் வாய்ப்பில்லை என்று தெரிந்ததும், myaccount.google.com/device-activity பக்கத்தில் அந்தக் கைபேசியைத் தேர்ந்து Sign out செய்ய வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினாலே போதும் என்று நினைக்க வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றும்போது மற்ற சாதனங்கள் வெளியேறினாலும், நாம்தான் என்று உறுதிசெய்யப் பயன்பட்டுவந்த சாதனம் வெளியேறாமல் இருக்கலாம். தொலைந்த கைபேசி பெரும்பாலும் அந்தச் சாதனமாகத்தான் இருக்கும். எனவே வெளியேற்றம், கடவுச்சொல் மாற்றம் இரண்டும் தேவை.

பிறகு இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில், இரண்டாம் படி கேட்காமல் நம்பப்படும் சாதனங்கள் அனைத்தையும் நீக்கிவிடலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் என்றோ ஒருநாள் "மீண்டும் கேட்காதே" என்று குறியிட்டிருந்தால் அதுவும் இதில் அடங்கும். நண்பரின் கைபேசியிலும் மறக்காமல் வெளியேறிவிட வேண்டும்.

ஐபோனாக இருந்தால் icloud.com/find பக்கத்தில் அழிக்கலாம். ஆனால் அங்கே Remove This Device என்பதைத் தொடக் கூடாது. கைபேசியை வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் பூட்டு அதனால் விலகிவிடும். திருடியவர் அதைத் தாராளமாக விற்கலாம். ஐபோனை அழித்துவிட்டுப் பட்டியலிலேயே விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு.

வாட்ஸ்அப் கணக்கு எண்ணோடு இணைந்தது. மாற்று சிம் வாங்கிப் புதிய கைபேசியில் பதிவு செய்தவுடன் பழைய கைபேசியில் அது தானே வெளியேறிவிடும்.

கடைசியாக, காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலுடன் ceir.gov.in தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுவதும் உள்ளது. ஓ.டி.பி. வரவேண்டும் என்பதால் மாற்று சிம் கையில் இருப்பது நல்லது. முடக்கியபின் எந்த சிம்மைப் போட்டாலும் இந்தியாவில் அந்தக் கைபேசிக்கு அலைபேசித் தொடர்பு கிடைக்காது. காத்திருக்கும் அழிப்புக் கட்டளையும் இனி வைஃபை வழியாக மட்டுமே சேரும். இந்த முடக்கத்தைக் கடைசியில் வைப்பது இதற்காகத்தான். கைபேசி கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

முன்கூட்டியே இரண்டு வேலைகள்

இந்த வரிசை முழுவதும் முறிந்துபோகக்கூடிய இடம் ஒன்று உண்டு. நண்பரின் கைபேசியில் நுழையும்போது, "நீங்கள்தானா?" என்ற கேள்வி தொலைந்த கைபேசிக்கே போகும். ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். இதற்காகவே கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தருகிறது. எட்டு இலக்கம் கொண்ட ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில் Backup codes என்ற இடத்தில் அவற்றைப் பெற்று, தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதியும் பணப்பையில் ஒன்றிரண்டு குறியீடுகளும் வைத்திருக்கலாம். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

மற்றொன்று, *#06# என்று அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துவைப்பது. இரண்டு சிம் கைபேசியில் இரண்டு எண்கள் வரும், இரண்டும் வேண்டும்.

அடுத்த முறை ஆசிரியர் அறையில் பேச்சு இதைப் பற்றி வந்தால், சக ஆசிரியரின் கைபேசியை வாங்கி உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் கைபேசியை அந்தப் பக்கத்தில் ஒலிக்கச் செய்து பாருங்கள். உங்கள் கைபேசியை மேசை மேல் கவிழ்த்துவைத்து, தொடாமலே இதைச் செய்ய வேண்டும். எங்கே தடை வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.