கரிசல் மண்ணில் வீடா? கவனிக்க வேண்டியவை

சுரண்டையிலிருந்து வடகிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் போகப் போகக் கரிசல் நிலம்தான். ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் இது. வீடு கட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

• ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் கோடையில் அகன்று மழையில் மூடினால், மண்தான் காரணம். சிமென்ட் பூசினால் மறுபடியும் விரியும்.

• மண் பரிசோதனையில் 'உப்பும் அளவு' கேளுங்கள். உலர்த்திச் சலித்த 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியே ஒரு நாள் ஊறவிடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மில்லியாகவும் தண்ணீரில் 16 மில்லியாகவும் நின்றால், உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரணக் கல் அஸ்திவாரத்தை நம்ப வேண்டாம்.

• அங்கே ஏற்றது அடியில் குமிழ் வைத்த 'அண்டர்ரீம்டு பைல்'. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் பரப்பிய முறை இது. 30 செ.மீ. தண்டுக்குக் குமிழ் 75 செ.மீ. அகலம் இருக்கும். ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்கு, பொதுவாக மூன்றரை மீட்டராவது, இறக்க வேண்டும். மேல்மண் உப்பித் தூக்கினாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

• பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே சுமார் 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதை மண்ணால் நிரப்பினால், உப்பும் மண் பீமையே தூக்கிவிடும்.

• தோண்டிய கரிசலை வீட்டுத் தளத்துக்குள் நிரப்பாதீர்கள். உப்பாத சரளை மண் போடுங்கள்.

பைல் ஆழத்தை மண் அறிக்கை பார்த்துப் பொறியாளரே முடிவு செய்யட்டும்.