மரிமெக்கோ வரைபடம்: எப்போது ஏற்றது, அகலம் எங்கே ஏமாற்றும்

மரிமெக்கோ வரைபடம் ஒரு சந்தை முழுவதையும் ஒரே செவ்வகமாக எடுத்துக்கொண்டு, அதை இரண்டு திசையிலும் வெட்டிக் காட்டுகிறது. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு மண்டலம். நெடுவரிசையின் அகலம் அந்த மண்டலத்தின் மொத்த விற்பனையைக் குறிக்கும். எல்லா நெடுவரிசைகளும் ஒரே உயரம், அதாவது 100 சதவீதம். அவற்றுக்குள் அடுக்கப்பட்ட கட்டங்கள் அந்த மண்டலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பங்கைக் காட்டும். அகலத்தை உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும் பரப்பே அந்தப் பொருள் அந்த மண்டலத்தில் ஈட்டிய தொகை. 1951-இல் ஃபின்லாந்தில் தொடங்கிய மரிமெக்கோ துணி நிறுவனத்தின் பெரிய வண்ணத் திட்டு அச்சுகளைப் போலத் தோன்றுவதால் இந்தப் பெயர் வந்தது. புள்ளியியலில் இதன் நெருங்கிய உறவு, ஹார்டிகனும் க்ளைனரும் 1981-இல் முன்வைத்த மொசைக் வரைபடம்.

ஒரே விவரத்தை இப்படியும் வரையலாம், சம அகலப் பட்டைகளாகவும் வரையலாம், அட்டவணையாகவும் தரலாம். எதைத் தேர்வது என்பது வாசகர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்கச் சமையல் எண்ணெய்ச் சந்தை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். மொத்த விற்பனை 1,000 கோடி ரூபாய். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. தொகைகள் கோடி ரூபாயில். அடைப்புக்குறிக்குள் இருப்பது மண்டலத்துக்குள் அந்த எண்ணெயின் பங்கு.

| எண்ணெய் | தெற்கு | மேற்கு | வடக்கு | கிழக்கு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| சூரியகாந்தி | 200 (50%) | 60 (20%) | 30 (15%) | 5 (5%) | 295 |
| பாமாயில் | 120 (30%) | 90 (30%) | 50 (25%) | 25 (25%) | 285 |
| கடலை | 60 (15%) | 120 (40%) | 20 (10%) | 5 (5%) | 205 |
| கடுகு | 20 (5%) | 30 (10%) | 100 (50%) | 65 (65%) | 215 |
| மொத்தம் | 400 | 300 | 200 | 100 | 1,000 |

சம அகலப் பட்டையா, மரிமெக்கோவா

இந்த அட்டவணையை வரைவதில் எளிய வழி நான்கு மண்டலங்களுக்கும் ஒரே அகலத்தில் நூறு சதவீத அடுக்குப் பட்டைகள் போடுவது. ஒவ்வொரு மண்டலத்திலும் எந்த எண்ணெய் முன்னணியில் இருக்கிறது என்பது அதில் உடனே தெரியும். ஆனால் பார்ப்பவர் தம்மை அறியாமலேயே நான்கு உயரங்களையும் சராசரி போட்டுப் பார்ப்பார். கடுகு எண்ணெயின் நான்கு பங்குகளின் சராசரி 32.5 சதவீதம், சூரியகாந்திக்கு அது 22.5 மட்டுமே. எனவே கடுகுதான் நாட்டிலேயே அதிகம் விற்கும் எண்ணெய் என்ற எண்ணம் பதியும். உண்மையில் அதன் பங்கு 21.5 சதவீதம், மூன்றாம் இடம். 29.5 சதவீதத்துடன் முதலிடத்தில் இருப்பது சூரியகாந்தி. கடுகு ஓங்கி நிற்கும் இரண்டு மண்டலங்களும் சிறியவை என்பதைச் சம அகலம் மறைத்துவிட்டது.

மரிமெக்கோ இந்தப் பிழையைத் திருத்துகிறது. தெற்கு நெடுவரிசை கிழக்கைப் போல நான்கு மடங்கு அகலமாக வருவதால், 50 சதவீதச் சூரியகாந்தி ஒரு பெரிய திட்டாகவும் 65 சதவீதக் கடுகு ஒரு ஒல்லியான கம்பமாகவும் தெரியும். மண்டலங்களின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும்போதுதான் இந்த வரைபடத்தால் பயன் உண்டு. நான்கு மண்டலங்களும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அகலம் புதிதாக எதையும் சொல்லாது. சம அகலப் பட்டையே படிக்க எளிது.

மண்டலத்தை நெடுவரிசையாக்குவதா, பொருளை நெடுவரிசையாக்குவதா என்பதும் ஒரு தேர்வுதான். கட்டங்களின் பரப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் உயரம் விடை சொல்லும் கேள்வி மாறிவிடும். மண்டலம் நெடுவரிசையானால், கிழக்கில் கடுகின் பங்கு 65 சதவீதம் என்று படிக்கலாம். கடுகு நெடுவரிசையானால், விற்கும் கடுகு எண்ணெயில் கிழக்கின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம்தான், வடக்கின் பங்கு ஏறக்குறைய 47 என்று தெரியும். மண்டல மேலாளர்களின் கூட்டத்துக்கு முதல் வடிவம் பொருந்தும். எந்த எண்ணெய்க்கு எங்கே விளம்பரம் செய்வது என்று முடிவெடுப்பவருக்கு இரண்டாவது.

அகலம் ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, வடிவம். வரைபடத்தை 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சிடுவதாகக் கொள்ளலாம். தெற்கின் கடலை எண்ணெய்க் கட்டம் 8 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம், பரப்பு 12 சதுர செ.மீ. கிழக்கின் கடுகு எண்ணெய்க் கட்டம் 2 செ.மீ. அகலம், 6.5 செ.மீ. உயரம், பரப்பு 13. தொகையும் அப்படியே, 60 கோடியும் 65 கோடியும். ஆனால் ஒன்று தரையில் விரித்த பட்டி போலவும் மற்றது நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்த கம்பமாகவும் நிற்பதால், இரண்டும் ஏறக்குறைய சமம் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். பொதுவான அளவுகோல் மீதுள்ள இடத்தையும் நீளத்தையும் மனிதர்கள் ஓரளவு துல்லியமாக மதிப்பிடுகிறார்கள், பரப்பை மதிப்பிடுவதில் தடுமாறுகிறார்கள் என்று கிளீவ்லாந்தும் மக்கில்லும் 1984-இல் சோதித்துக் காட்டினார்கள். மரிமெக்கோவில் தொகை முழுவதும் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. ஆகவே கட்டத்துக்குள் தொகையை எழுதாத மரிமெக்கோ அரைகுறை வரைபடம்.

இரண்டாவது, தொடக்கக் கோடு. அகலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால் முதல் நெடுவரிசையைத் தவிர எதுவும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 300 கோடி மேற்கையும் 200 கோடி வடக்கையும் ஒப்பிட ஒன்றை மனத்தில் நகர்த்தி மற்றதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. அடியில் உள்ள பொருளும் உச்சியில் உள்ள பொருளும் மட்டுமே எல்லா நெடுவரிசைகளிலும் ஒரே கோட்டில் நிற்கும். நடுவில் உள்ளவை மேலும் கீழுமாக மிதக்கும். முக்கியமான பொருளை அடியில் வைத்து, நெடுவரிசைகளை அகலத்தின் இறங்குவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் மொத்தத் தொகையை எழுதினால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

மூன்றாவது, அகலத்துக்கும் உயரத்துக்கும் வெவ்வேறு அலகு. இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் பிழை. மண்டல மொத்தம் கணக்குப் பிரிவிலிருந்து ரூபாயிலும், பொருள்வாரிப் பங்கு விற்பனைப் பிரிவிலிருந்து எடையிலும் வந்தால், இரண்டையும் சேர்த்து வரைந்த கட்டத்தின் பரப்புக்குப் பொருளே இல்லை. தெற்கில் பாமாயில் கிலோ 120 ரூபாய், சூரியகாந்தியும் கடுகும் 160, கடலை எண்ணெய் 200 என்று வைத்துக்கொண்டால், விற்ற எடை முறையே 1 கோடி, 1.25 கோடி, 12.5 லட்சம், 30 லட்சம் கிலோ. மொத்தம் 2.675 கோடி கிலோ. எடைப்படி பாமாயிலின் பங்கு 37 சதவீதத்துக்குச் சற்று மேல். பணத்தின்படி 30 தான். எடைப் பங்கை 400 கோடி ரூபாய் அகலத்தின் மீது ஏற்றினால் பாமாயில் கட்டம் ஏறக்குறைய 150 கோடியைக் காட்டும். உண்மை 120 கோடி. மலிவான பொருள் ஊதிப் பெருக்கும், விலை கூடிய பொருள் சுருங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும்: ஒரு பொருளின் கட்டங்களை எல்லா மண்டலத்திலும் கூட்டி, அந்தப் பொருளின் தனிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். கூட்டல் பொருந்தாவிட்டால் அலகுகள் கலந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது, இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அடுத்த ஆண்டு மொத்தச் சந்தை 1,250 கோடியாகவும் கிழக்கு 115 கோடியாகவும் வளர்ந்தால், கிழக்கின் விற்பனை 15 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் இரு வரைபடங்களும் ஒரே அகலத்தில் வரையப்படுவதால் கிழக்கின் நெடுவரிசை 10 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாக ஒடுங்கும். வளர்ந்த மண்டலம் தேய்ந்ததாகத் தெரியும். இரண்டாவது வரைபடத்தை 1.25 மடங்கு அகலமாக வரையலாம். அதைவிட, காலப்போக்கைக் காட்டக் கோட்டு வரைபடத்துக்கு மாறுவது நல்லது.

ஐந்தாவது, வரையும் முறை. எக்செலில் மரிமெக்கோ நேரடி வகையாக இல்லை. அடுக்குப் பரப்பு வரைபடத்தில் கிடை அச்சைத் தேதி அச்சாக மாற்றி, திரண்ட அகலங்களைத் தேதிகளாகக் கொடுத்து வரைவது பலரின் வழக்கம். தேதி அச்சின் மிகச் சிறிய அலகு ஒரு நாள். ஆகவே 9.2 என்று கொடுத்த அகலத்தின் பின்னப் பகுதி காணாமல் போய்விடும். அகலங்களைப் பத்தாலோ நூறாலோ பெருக்கிக் கொடுத்தால் இந்த இழப்பு இராது.

எதற்கு எது

எந்த மண்டலம் பெரியது, அங்கே யார் முன்னணியில் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் ஒரே பார்வையில் காட்ட வேண்டும், மண்டலங்களின் அளவும் வேறுபடுகிறது, நெடுவரிசை ஆறுக்கும் பொருள் ஐந்துக்கும் மிகாது என்றால் மரிமெக்கோ ஏற்றது. அதற்கு மேல் போனால் ஒல்லி நெடுவரிசைகளில் எண் எழுத இடம் இராது; சிறியவற்றை ‘மற்றவை’ என்று சேர்க்க வேண்டிவரும்.

ஒரே பொருளை மண்டலம் மண்டலமாக ஒப்பிட வேண்டுமானால், பொருளுக்கு ஒன்றாகச் சிறு பட்டை வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சிறந்தது. எல்லாப் பட்டைகளும் பூஜ்யத்தில் தொடங்குவதால் 60-க்கும் 65-க்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாகத் தெரியும். மண்டலத்துக்குள் பங்கு மட்டும் போதும், அளவு தேவையில்லை என்றால் சம அகல அடுக்குப் பட்டை; ஆனால் ஒவ்வொரு பட்டையின் கீழும் மண்டல மொத்தத்தை எழுத வேண்டும். சரியான தொகைகள் வேண்டுமென்றாலோ, மண்டலமும் பொருளும் பத்துப் பதினைந்துக்கு மேல் போனாலோ, தொகைக்கேற்ப நிறம் கூடும் அட்டவணைதான் கைகொடுக்கும். லாப நட்டம் போல எதிர்மறை எண் வரக்கூடிய விவரத்துக்கு மரிமெக்கோ ஆகவே ஆகாது; எதிர்மறை அகலம் என்று ஒன்றை வரைய முடியாது.